வார இறுதி சேலுக்கு வாக்கெடுப்பா, கவுண்ட்டவுனா, கேள்விப் பெட்டியா?

சின்ன பொட்டிக்கில் சனி, ஞாயிறு சேல் என்றால் வேலை புதன்கிழமையே தொடங்கிவிடும். தேங்கிய சரக்கைப் பிரித்தெடுக்க வேண்டும், விலைச்சீட்டு மாற்ற வேண்டும், டெய்லரிடம் கிடக்கும் துணிகளை வாங்கி வர வேண்டும். இதற்கு நடுவில் இன்ஸ்டாகிராம் ஸ்டோரிக்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஒதுக்கினாலே பெரிய விஷயம். அந்த அரை மணி நேரத்தில் எந்த ஸ்டிக்கரைப் போடுவது என்பதுதான் இங்கே கேள்வி. கோவையில் இரண்டு மூன்று சின்னத் துணிக்கடைகளின் பக்கங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாருமே முதலில் கேட்பது கவுண்ட்டவுன்தான். பார்க்க அழகாக இருக்கிறது, பெரிய கடைக்காரர்களும் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் ஸ்டோரியை நூறு, நூற்றைம்பது பேர் மட்டுமே பார்க்கும் கடைக்கு முதலில் போட வேண்டியது வாக்கெடுப்பு என்பது என் முடிவு. அதன் காரணத்தைச் சொல்ல, மூன்றும் கடைக்காரருக்கு என்ன கொண்டுவந்து தருகின்றன என்று பார்க்க வேண்டும்.

வாக்கெடுப்பு ஸ்டிக்கரில் ஒரு கேள்வி, கீழே தட்டுவதற்குப் பதில்கள். முன்பு இரண்டு பதில்தான் வைக்க முடிந்தது, இப்போது நான்கு வரை வைக்கலாம். தட்டியவருக்கு எந்தப் பதிலுக்கு எவ்வளவு சதவீதம் என்று மட்டும் தெரியும். கடைக்காரருக்கோ, ஸ்டோரியை மேலே தள்ளினால் யார் எதைத் தட்டினார்கள் என்று பெயர் பெயராகத் தெரியும். பலர் சதவீதத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். "மெரூனுக்கு 64 சதவீதம்" என்று அடுத்த நாள் ஸ்டோரியும் போட்டு முடித்துவிடுகிறார்கள். முப்பது பேர் தட்டிய இடத்தில் சதவீதத்துக்கு மதிப்பே கிடையாது. ஐந்து பேர் மாற்றித் தட்டியிருந்தால் எண் தலைகீழாகியிருக்கும். மதிப்பு இருப்பது பெயர்ப் பட்டியலில்.

அந்தப் பட்டியல் பயன்பட வேண்டும் என்றால் கேள்வி சரியாக இருக்க வேண்டும். "இந்தச் செட் பிடிச்சிருக்கா? ஆமா / ரொம்ப" என்று போட்டால் நிறையப் பேர் தட்டுவார்கள். ஆனால் அதை வைத்து நாளைக்குக் கடையில் எதையும் மாற்றி வைக்க முடியாது. "உங்க சைஸ் எது? M, L, XL, XXL" என்று கேட்டால் தட்டுகிற எண்ணிக்கை குறையலாம், ஆனால் ஒவ்வொரு தட்டலும் ஒரு ரேக்கைக் காட்டுகிறது. இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. போஸ்ட்டுக்குக் கீழே கமெண்டில் "XXL இருக்கா" என்று எழுதப் பல பெண்களுக்குக் கூச்சம், தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்று. வாக்கெடுப்பில் மற்றவர்களுக்குத் தன் பெயர் தெரியாது என்பதால் தயங்காமல் தட்டுகிறார்கள். கமெண்டுகளை வைத்துப் பார்த்தால் உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாரும் M சைஸ்காரர்கள் போலத் தோன்றும். வாக்கெடுப்பு வேறு ஒரு படத்தைக் காட்டும்.

ஒரு கணக்கை எடுத்துப் பார்க்கலாம். சாய்பாபா காலனி பக்கம் ஒரு சின்னக் கடை என்று வைத்துக்கொள்வோம். பின்தொடர்பவர்கள் 1,400 பேர், ஒரு ஸ்டோரியைப் பார்ப்பவர்கள் 140 பேர். சேலுக்கு எடுத்து வைத்தது 64 காட்டன் குர்தி செட்: M 12, L 18, XL 22, XXL 12. புதன் இரவு எட்டு மணிக்குச் சைஸ் கேட்டு வாக்கெடுப்பு போடுகிறார்கள். வியாழன் மாலைக்குள் 38 பேர் தட்டியிருக்கிறார்கள்: M 6, L 9, XL 11, XXL 12.

இந்த 38 பேரும் வாங்க வரப் போவதில்லை. பட்டியலைப் பொறுமையாகப் பார்த்தால் அதில் கடைக்காரரின் தங்கை இருப்பார், இன்னொரு பொட்டிக் நடத்துகிறவர் இருப்பார், திருநெல்வேலியிலிருந்து ரீசெல்லிங் செய்கிறவர் இருப்பார். இவர்களைத் தள்ளிவிட்டால் உள்ளூரில் வரக்கூடியவர்கள் 25 பேர் தேறலாம். ஆனாலும் எந்தச் சைஸில் கை குறைகிறது என்பது தெரிந்துவிட்டது. XXL-ல் கேட்பவர்களும் சரக்கும் சமமாக நிற்கின்றன. அந்த 12-லும் பிடித்த நிறம், பிடித்த டிசைன் என்று பார்த்தால் பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். XL-ல் சரக்கு இரட்டிப்பாக இருக்கிறது.

இரண்டு நாளில் புதுச் சரக்கு வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். ஆனால் XL குர்திகளின் பக்கத் தையலைத் திருப்பிப் பார்க்கலாம். நம் ஊர்க் குர்திகளில் சைஸுக்குச் சைஸ் மார்புச் சுற்றளவு இரண்டு இஞ்ச் கூடும். XL 42 என்றால் XXL 44. உள்ளே ஒவ்வொரு மடிப்பிலும் தையலுக்குத் தேவையானது போக அரை இஞ்ச் துணி கூடுதலாக விட்டுத் தைத்திருந்தால், இரண்டு பக்கமும் பிரித்துத் தைக்கும்போது நான்கு அரை இஞ்ச், மொத்தம் இரண்டு இஞ்ச் கிடைத்துவிடும். தோள்பட்டையும் கைக்குழியும் அப்படியேதான் இருக்கும், அதனால் எல்லா மாடலுக்கும் இது ஒத்துவராது. லூசாக வெட்டிய மாடல்களில் நன்றாக உட்காரும். பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித் துளை தெரிகிறதா, உள்ளே இருந்த துணிக்கும் வெளியே இருந்த துணிக்கும் நிறம் மாறியிருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை டெய்லரிடம் ஆறு பீஸ் கொடுத்தால் சனிக்கிழமை காலையில் XXL ரேக்கில் 18 தொங்கும். அவை பிரித்துத் தைத்தவை என்று விலைச்சீட்டிலேயே எழுதிவிடுங்கள். போட்டுப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு அது ஒரு குறையாகத் தெரியாது.

ஒரே ஒரு ஸ்டிக்கர் ரேக்கில் தொங்குகிற சரக்கையே மாற்றிவிட்டது. மற்ற இரண்டில் எதுவும் இதைச் செய்யாது.

அடுத்து, பட்டியலில் இருக்கிற உள்ளூர்க்காரர்களுக்குத் தனித்தனியாக மெசேஜ் அனுப்பலாம். ஸ்டோரியைப் பார்த்தவர்கள் பட்டியலிலேயே பெயருக்குப் பக்கத்தில் மெசேஜ் அனுப்பும் குறி இருக்கும். "சிஸ், நேத்து XXL தட்டியிருந்தீங்க. பச்சையிலயும் கடுகு மஞ்சள்லயும் அந்த சைஸ் வந்திருக்கு, சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கடை திறக்கும். எடுத்து வைக்கவா?" இவ்வளவு போதும். கேள்வியில் முடிவதால் பதில் வரும். ஒரே வாசகத்தை நகலெடுத்து வரிசையாக எல்லாருக்கும் ஒட்டாதீர்கள். ஒரே மெசேஜ் வேகமாகப் பலருக்குப் போனால் இன்ஸ்டாகிராம் அதை ஸ்பாமாக எடுத்துக்கொண்டு மெசேஜ் அனுப்புவதைச் சில நாள் நிறுத்தி வைக்கலாம். சேலுக்கு முந்தைய நாள் அப்படி நடந்தால் வேறு வழியே இருக்காது. நிறமும் சைஸும் ஆளுக்கு ஆள் மாறுவதால் வாசகமும் தானாக மாறும். ஸ்டோரி இருக்கும் 24 மணி நேரத்துக்குள் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வதும் நல்லது. அப்புறம் தேடுவது வீண் வேலை.

இதில் ஒரு எல்லை உண்டு. சைஸைப் பற்றிப் பேசும்போது வார்த்தையில் கவனம் வேண்டும். "பெரிய சைஸ்" என்று எழுதாமல் அவர்கள் தட்டிய எழுத்தை மட்டும் சொல்லுங்கள். இந்த மெசேஜைக் கடையில் ஒரு பெண் எழுதுவது நல்லது.

கேள்விப் பெட்டிக்கு வருவோம். இதில் வாடிக்கையாளர் தானே எழுத வேண்டும், தட்டுவதைவிட அது கூடுதல் வேலை. அதனால் வருகிற எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். 140 பேர் பார்த்து நான்கைந்து பேர் எழுதினாலே போதும். ஆனால் எழுதுகிற ஒருவர், வர நினைத்து ஏதோ ஒன்றில் தயங்கி நிற்பவர். டிரையல் ரூம் இருக்கா, எக்ஸ்சேஞ்ச் உண்டா, குழந்தையோடு வந்தால் வண்டி நிறுத்த இடம் இருக்கா, ஆல்டரேஷன் அங்கேயே செய்து தருவீர்களா, ஆன்லைனில் அனுப்பினால் கேஷ் ஆன் டெலிவரி உண்டா. கடைக்காரருக்கு இவையெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுவதா வேண்டாமா என்பதை இவைதான் முடிவு செய்கின்றன.

பெட்டியில் தானாக வரும் பொதுவான வாசகத்தை அப்படியே விட்டால் "எப்படி இருக்கீங்க" என்றுதான் வரும். "சனிக்கிழமை சேலுக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று மாற்றுங்கள். பதிலை ஸ்டோரியாகப் பகிரும்போது கேட்டவர் பெயர் வெளியே தெரியாது. இதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டால் இன்னும் இரண்டு பேர் கேட்பார்கள். ஒன்றுமே வராவிட்டாலும் வெளியில் யாருக்கும் அது தெரியப் போவதில்லை. அப்போது அந்த வாரம் கடையில் நேரில் கேட்ட கேள்விகளை எடுத்து, "கடையில் கேட்டது" என்று சொல்லியே பதில் போடலாம். யாரோ பெட்டியில் கேட்டது போல நாமே எழுதிக்கொள்வது எனக்கு ஒப்புதல் இல்லை. சின்ன ஊர், சின்ன வட்டம், தெரிந்துவிடும்.

கேள்விப் பெட்டியின் விலை நேரம்தான். வியாழன் இரவு வந்த கேள்விக்கு சனிக்கிழமை மதியம் பதில் சொன்னால், பெட்டியே போடாமல் இருந்திருக்கலாம். அன்றைக்கு ஒரு மணி நேரம் போனோடு உட்கார முடியுமென்றால் மட்டும் போடுங்கள். விலை கேட்டால் விலையைச் சொல்லுங்கள். ஸ்டோரியில் எல்லாரும் பார்க்க "இன்பாக்ஸ் வாங்க" என்று பதில் போடுகிற பழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கேட்டவர் ஒருவர், ஆனால் அதே விலையைத் தெரிந்துகொள்ள நினைத்து அமைதியாகப் பார்த்தவர்கள் நூறு பேர். அவர்கள் இன்பாக்ஸுக்கு வரமாட்டார்கள். கடையில் விலைச்சீட்டில் இருக்கிற எண்ணை ஸ்டோரியில் மறைத்து என்ன கிடைக்கப் போகிறது? எக்ஸ்சேஞ்ச் கிடையாது என்றால் அதையும் இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பில் போடும் இடத்தில் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

முதல் முறை சேல் போடும் கடை, விலை கூடிய பட்டுப்புடவை அல்லது ஆரி வேலை பிளவுஸ் விற்கும் கடை என்றால் நான் வாக்கெடுப்பைவிடக் கேள்விப் பெட்டியை முன்னால் வைப்பேன். 900 ரூபாய் குர்திக்குத் தயக்கம் குறைவு, சைஸ் இருந்தால் எடுத்துவிடுவார்கள். 9,000 ரூபாய் புடவைக்குத் தயக்கம்தான் பாதி வியாபாரம்.

கவுண்ட்டவுன் எல்லாருக்கும் பிடித்தது, எல்லாரும் தவறாக வைப்பதும் அதுதான். அது செய்வது ஒரே ஒரு வேலை. ஸ்டிக்கரைத் தட்டி நினைவூட்டல் வைத்தவரின் போனுக்கு, எண்ணிக்கை முடிகிற நேரத்தில் ஒரு அறிவிப்பு வரும். யாருக்கு என்ன சைஸ், யார் எதில் தயங்குகிறார்கள் என்று எதையும் அது சொல்லாது. ஆகவே அதை வைப்பதில் யோசிக்க வேண்டியது முடியும் நேரம் ஒன்றைத்தான்.

"சேல் முடிய இன்னும் இவ்வளவு நேரம்" என்று ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வைத்தால், ஷட்டரை இறக்கும்போது வாடிக்கையாளரின் போன் அடிக்கும். அவசரத்தைக் காட்டலாம் என்று நினைத்து வைத்தது, யாருக்கும் உதவாத நேரத்தில் போய் நிற்கும். தேதியை மட்டும் குறித்து நேரத்தை விட்டுவிட்டால் எண்ணிக்கை நள்ளிரவை நோக்கி ஓடும், அறிவிப்பும் எல்லாரும் தூங்கும் நேரத்தில் வரும். காலையில் பார்க்கும்போது அது வேறு பத்து அறிவிப்புகளுக்கு அடியில் கிடக்கும். ஸ்டிக்கரை வைக்கும்போது முழு நாள் என்ற பொத்தானை அணைத்துவிட்டு மணியைக் குறிக்க வேண்டும். மற்றவர்கள் நினைவூட்டல் வைக்க அனுமதிக்கும் பொத்தான் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது மூடியிருந்தால் ஸ்டிக்கர் வெறும் அலங்காரம்.

எந்த மணி? வாடிக்கையாளர் கிளம்பத் தயாராகும் நேரம். கடை சனிக்கிழமை பதினோரு மணிக்குத் திறக்கிறது என்றால் கவுண்ட்டவுன் 10.30-க்கு முடியட்டும். காலை வேலை முடிந்து, எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு வருகிற நேரம் அது. சனிக்கிழமை ராகு காலம் 9 முதல் 10.30 வரை. அதைப் பார்க்கிறவர்கள் நம் ஊரில் நிறைய, அதற்கும் சரியாகிவிடும். ஸ்டிக்கரின் பெயரில் "சனி 11 மணி, கடை திறப்பு" என்று எழுதிவிடுங்கள், ஏனென்றால் அறிவிப்பில் அந்தப் பெயரைத்தான் பார்ப்பார்கள். "மெகா சேல்" என்று வந்தால் எந்தக் கடை, எத்தனை மணி என்று யாருக்கும் நினைவு இருக்காது.

வெள்ளி மாலை ஒரு முறை, இரவு ஒரு முறை, அதே கவுண்ட்டவுனைத் திரும்பப் போடலாம். ஒருமுறை செய்துவிட்டால் முடியும்வரை ஸ்டிக்கர் பெட்டியிலேயே இருக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்தால் தட்டியவர்கள் இரண்டாகச் சிதறிப்போவார்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும், பதினோரு மணிக்கு வருவதற்கு ஒரு காரணம் வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரே 20 சதவீதத் தள்ளுபடி என்றால் ஞாயிறு மாலை நிதானமாக வரலாமே! கவுண்ட்டவுன் இல்லாத அவசரத்தை உண்டாக்காது, இருக்கிற அவசரத்தை நினைவூட்டும். ஒவ்வொன்றும் ஒரே பீஸாக இருக்கும் கைத்தறிப் புடவைகள், முதலில் மெசேஜ் அனுப்பியவருக்கு என்று ஆன்லைனில் விற்கும் சரக்கு, முதல் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஒரு விலை, இப்படி நேரம் உண்மையிலேயே முக்கியமாக இருக்கிற இடத்தில் கவுண்ட்டவுன் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். நான் சொன்ன குர்திக் கடைக்கு அப்படி எதுவும் இல்லை. ஆடி மாதம் என்றால் இன்னும் மோசம். ஊரில் எல்லாக் கடையிலும் தள்ளுபடி ஓடும்போது எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதில் யாருக்கும் அக்கறை இருக்காது.

மூன்றையும் போடக் கூடாதா என்றால், போடலாம், நாளுக்கு ஒன்றாக. புதன் இரவு வாக்கெடுப்பு, வியாழன் மாலை கேள்விப் பெட்டி, வெள்ளி முழுக்க அதற்கான பதில்களும் கடைசியில் கவுண்ட்டவுனும். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். சைஸ் நிலவரம் முதலில் தெரிந்தால்தான் டெய்லருக்கு நேரம் கிடைக்கும். கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகுதான் நினைவூட்டல் வைக்க யாருக்கும் மனம் வரும். ஒரே ஸ்டோரியில் மூன்று ஸ்டிக்கரையும் நெருக்கினால் எதைத் தட்டுவது என்று தெரியாமல் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். ஸ்டிக்கரை நடுவில் வையுங்கள். மேலேயும் கீழேயும் கணக்கின் பெயரும் பதில் எழுதும் கட்டமும் மறைக்கும். ஓரத்தில் வைத்தால் தட்டும்போது அடுத்த ஸ்டோரிக்குத் தாவிவிடும்.

நேரமே இல்லை, ஒன்றுதான் முடியும் என்கிறவர்கள் சைஸ் வாக்கெடுப்பைப் போட்டு, மிச்ச நேரத்தை மெசேஜ் அனுப்பச் செலவிடுங்கள். ஒருவேளை வாக்கெடுப்பில் பத்துப் பேர்கூடத் தட்டவில்லை என்றால், எவ்வளவு பேர் ஸ்டோரியைப் பார்த்தார்கள் என்று முதலில் பாருங்கள். பார்த்தவர்களே முப்பது பேர்தான் என்றால் ஸ்டிக்கரைக் குறை சொல்வதில் பொருளில்லை. அந்த வாரம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும், பழைய பில் புத்தகத்தில் இருக்கும் நம்பர்களும்தான் கைகொடுக்கும். நூற்றைம்பது பேர் பார்த்தும் தட்டவில்லை என்றால் கேள்வியை மாற்றிப் பாருங்கள்.

சேல் நடக்கும் இரண்டு நாளும் பில் போடும்போது "ஸ்டோரி பாத்துட்டு வந்தீங்களா?" என்று கேட்டு, ஆமாம் என்றால் பில்லின் ஓரத்தில் ஒரு எழுத்து போடுங்கள். சைஸ் தட்டி மெசேஜ் வாங்கியவருக்கு "வா", கேள்வி கேட்டு வந்தவருக்கு "கே", நினைவூட்டல் அடித்து வந்தவருக்கு "க". திங்கட்கிழமை அந்த எழுத்துகளை எண்ணுங்கள். நோட்டில் எழுதிய 25 பெயர்களில் எத்தனை பில்லில் வந்திருக்கிறது என்று டிக் அடித்துப் பாருங்கள். வராதவர்களில் "எடுத்து வைக்கவா" என்றதற்குச் சரி என்றவர்கள் இருந்தால், அவர்களுக்கு எடுத்து வைத்த பீஸ்களைத் திரும்ப ரேக்குக்கு அனுப்பும் முன் ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டுவிடுங்கள்.